பக்கத்து இலைக்காரர்

தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் சிறுவனாக இருந்த 1970களில் 'ஹலோ' என்ற சொல்லுக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான் இருந்தது. எங்கள் தெருவில் டெலிபோன் வைத்திருந்த ஒரே வீட்டுக்காரர் ரிசீவரைக் காதில் வைத்தால் ஹலோ என்பார். கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால் அவரும் எங்களைப் போல "சாப்டாச்சா?"தான். முன்பின் தெரியாத ஆளைத் தெருவில் பார்த்தால் சொல்வதற்கென்று எங்களிடம் தனிச் சொல் கிடையாது. கேள்விதான் உண்டு. "எந்த ஊரு?", "யார் வீட்டுக்கு வந்திருக்கிய?" எதிரே வருவது பொடியன் என்றால், "யாரு மவன்லே நீ?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பயந்தே நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பலசரக்குக் கடைக்கு நேர்வழியில் போனால் இரண்டு நிமிஷம். ஆனால் வழியில் ஒரு திண்ணையில் மூன்று பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் யார் மகன் என்று மூவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தே கேட்பார்கள். அதனால் பின்பக்கமாக, வைக்கோல்போர்களைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் போவேன். பத்து நிமிஷம். நாய் துரத்தினால் ஐந்து நிமிஷம்.

கடையிலும் பேச வேண்டியதில்லை. அம்மா சீட்டு எழுதித் தந்துவிடுவாள்: உளுந்து அரைக் கிலோ, வெல்லம், தீப்பெட்டி ரெண்டு. அந்தச் சீட்டை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டுத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் சீட்டு வழியிலேயே வாய்க்காலில் விழுந்துவிட்டது. வாங்க வேண்டியவை மூன்றும் மனப்பாடம். இருந்தும் கடை பூட்டியிருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னேன். அன்றைக்கு இட்லிக்கு மாவு ஆட்டவில்லை.

இதற்கெல்லாம் எனக்குக் கிடைத்த பெயர் 'அடக்கமான பையன்'. உறவில் மற்ற பிள்ளைகளைத் திட்டும்போது என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஒரு பயத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்த ஊர் அது.

இதில் வேடிக்கை, என் அப்பா எனக்கு நேர் எதிர். தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் "திருநெல்வேலிக்கா?" என்பார். பஸ் போவதே திருநெல்வேலிக்குத்தான். ஆலங்குளம் வருவதற்குள் அவருடைய மூத்த மகளுக்கு வரன் பார்க்கிற விஷயம் வரைக்கும் பேச்சு போயிருக்கும். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோல் நடிப்பேன். 2014இல் நிக்கலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் தனியாக இருக்கச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போல் விட்டார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. எது இனிக்கும் என்று முன்கூட்டிக் கேட்கப்பட்டவர்களோ தனிமைதான் இனிக்கும் என்று தலைகீழாகக் கணித்தார்கள். இதைப் படித்தபோது அப்பா நினைவு வந்தது. அவர் இதே ஆராய்ச்சியை முப்பது வருஷம் சொந்த டிக்கெட்டில் நடத்தினார். முடிவுகளை வெளியிடத்தான் இல்லை.

அப்பாவோடு போகும்போது எனக்குப் பயமே இருக்காது. எல்லாப் பேச்சையும் அவர் பேசிவிடுவார். அதைத் தைரியம் என்று நினைத்திருந்தேன். அதுவும் ஒரு சீட்டுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

இப்போது சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். திண்ணை கிடையாது. யாரு மவன் என்று கேட்க நாதியில்லை. என்னைப் போன்ற ஆளுக்காகவே கட்டியதுபோல் ஒரு ஊர். அரிசி, பருப்பு, மருந்து, மோர் மிளகாய் எல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். 'வாசலில் வைத்துவிட்டுப் போகவும்' என்று ஒரு கட்டத்தில் தட்டிவிட்டால் கொண்டுவருகிற பையன் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். டீக்கடையில் காசு கொடுக்க ஒரு சதுரத்தைப் படம் பிடித்தால் போதும். "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று அங்கேயிருக்கிற சின்னப் பெட்டி எனக்காகப் பேசிவிடும். அம்மா எழுதித் தந்த சீட்டு ஐம்பது வருஷத்தில் இப்படி வளர்ந்து நிற்கிறது.

நியாயமாகப் பார்த்தால் என் பயம் வேலையில்லாமல் செத்துப்போயிருக்க வேண்டும். அது கொழுத்துவிட்டது. வெளியே போகுமுன் கதவின் லென்ஸ் வழியாக வராந்தாவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்வேன். லிஃப்ட் கதவு திறந்து உள்ளே ஆள் இருந்தால், எதையோ மறந்தவன்போல் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு திரும்புவேன். காதில் எப்போதும் ஒயர். பாட்டு ஓடாது. பஸ்ஸில் தூங்கிய அதே பையன்தான், நடிப்பு மட்டும் மாறியிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு அலுவலகமும் வீட்டுக்கே வந்துவிட்டதால், வாரம் முழுக்க மனைவியையும் மகளையும் தவிர வேறு யாரிடமும் வாய் திறக்காத வாரங்கள் வந்தன.

குட்டு உடைந்தது மகள் கல்யாணம் நிச்சயமானபோது. தை மாதம் முகூர்த்தம். பெண்ணைப் பெற்றவன் மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்று, வருகிற எழுநூறு பேரிடமும் "வாங்க, வாங்க" சொல்ல வேண்டும். அவர்களில் நானூறு பேரை எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் என் தம்பியை நிறுத்தலாமா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். மகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுநாள் ஒரு உளவியலாளரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அதுவும் போனில்தான். நானே பேசியிருந்தால் இன்னும் வாங்கியிருக்க மாட்டேன்.

அந்த மேடத்துக்கு என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். முதல் கேள்வியே லிஃப்டைப் பற்றித்தான்.

"ஒருத்தர் உள்ள வர்றார் சார். அந்த நேரத்துல நீங்க எதைப் பாக்குறீங்க?"

"கீழ பாப்பேன். அவரு செருப்பை."

"மனசுக்குள்ள?"

யோசித்தேன். மனசுக்குள் நான் பார்ப்பது என்னைத்தான். லிஃப்டின் மூலையில் கேமரா வைத்ததுபோல் அங்கிருந்து ஒரு ஆளைப் பார்ப்பேன். வேர்த்திருப்பான், உதடு காய்ந்திருக்கும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான். அது எதிராளியின் கண்ணுக்குத் தெரியும் காட்சி என்று நாற்பது வருஷமாக நம்பியிருந்தேன்.

இந்தப் பயத்தை மருத்துவ உலகம் தனி நோயாகப் பெயரிட்டு எழுதியது 1980இல், அமெரிக்க மனநலக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில். நான் ஆறாம் வகுப்பில் வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்த சமயம். இது ஏன் தானாகத் தீருவதில்லை என்பதற்கு 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய உளவியலாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். மேடம் அதைச் சமையல் குறிப்புபோலச் சொன்னார். புது ஆளைக் கண்டதும் பயந்தவரின் கவனம் எதிராளியை விட்டுத் தன் பக்கமே திரும்பிவிடுகிறது. உள்ளே இருக்கிற படபடப்பை வைத்து, வெளியே நான் இப்படித்தான் தெரிகிறேன் என்று மனம் ஒரு படம் வரைகிறது. அந்தப் படத்தை மறைக்க ஏதேதோ தந்திரம் செய்கிறோம்: போனைப் பார்ப்பது, வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது, கண்ணைத் தவிர்ப்பது. ஆபத்து எதுவும் நடக்கவில்லை என்றால் அந்தப் புண்ணியம் தந்திரத்துக்குப் போய்விடும். எதிராளி உண்மையில் எப்படிப் பார்த்தார் என்ற செய்தி உள்ளே வருவதே இல்லை. அதனால்தான் ஐம்பது வருஷ அனுபவமும் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை.

"வாய்க்கால் வழியா போனதால திண்ணைக்காரங்க உங்கள ஒண்ணும் பண்ணல. அப்படித்தான நினைச்சீங்க?" என்றார்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு சோதனை. அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணை எதிரே உட்காரவைத்து, அவரோடு ஐந்தைந்து நிமிஷமாக இரண்டு தடவை பேசச் சொன்னார். முதல் தடவை என் தந்திரங்கள் எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்ய வேண்டும். ஒத்திகை பார்த்துப் பேச வேண்டும், போனை இறுக்கிப் பிடிக்க வேண்டும், குரல் நடுங்குகிறதா என்று கவனித்தபடியே இருக்க வேண்டும். இரண்டாவது தடவை அத்தனையையும் விட்டுவிட்டு, போன் மேசை டிராயருக்குள் இருக்க, அந்தப் பெண் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும். இரண்டையும் மேடம் போனில் படம் பிடித்தார்.

எனக்கு இரண்டாவது தடவைதான் மோசமாகப் போகும் என்று உறுதி. கவசம் இல்லாமல் சண்டைக்குப் போனதுபோல. ஆனால் இரண்டாவது தடவையில் அந்தப் பெண்ணின் சொந்த ஊர் பழனி என்பதும், அவர் தாத்தா மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்தார் என்பதும் தெரியவந்தது. முதல் தடவையில் அவர் பெயரே என் காதில் விழவில்லை. பிறகு அவரிடம் மேடம் கேட்டார், முதல் பேச்சு எப்படி இருந்ததென்று. தயங்கிவிட்டுச் சொன்னார்: "சார் எம்மேல எதுக்கோ கோவமா இருக்காருன்னு நினைச்சேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த ஃபீஸ் தகும். குடியிருப்பில் என்னைத் திமிர்பிடித்தவன் என்று சொல்கிறார்கள் என மனைவி எப்போதோ சொன்னது அப்போதுதான் புரிந்தது.

படத்தைப் போட்டுக் காட்டுவதற்கு முன் ஒரு தாளில் எழுதச் சொன்னார்: நூற்றுக்கு எவ்வளவு கை நடுங்கியிருக்கும், எவ்வளவு வேர்த்திருக்கும்? நடுக்கம் 80, வேர்வை 90 என்று போட்டேன். "யாரோ தெரியாதவர டிவியில பாக்குற மாதிரி பாருங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு நினைக்காதீங்க, கண்ணுல தெரியறத மட்டும் சொல்லுங்க." பார்த்தேன். கட்டம்போட்ட சட்டையில் ஒரு ஆள். கடிகாரம் தொளதொளவென்று கிடக்கிறது. அடிக்கடி காதைத் தொடுகிறான். நடுக்கத்தைத் தேடித் தேடிப் பார்த்து 10 என்று திருத்தினேன். வேர்வை தெரியவேயில்லை.

அதற்குப் பிறகுதான் ஏணி. பயப்படுகிற காரியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை பய மதிப்பெண் போடுவது. ஜோசப் வோல்பி என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் கொண்டுவந்த முறை. எனது ஏணியின் அடிப்படியில் வாட்ச்மேனைப் பார்த்துத் தலையசைப்பது, 25. டீக்கடையில் விரலைக் காட்டாமல் வாயால் கேட்பது, 35. லிஃப்ட், 55. பூங்காவில் தினமும் எதிரே வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை, 60. உச்சியில், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேச்சு கொடுப்பது, 85. மண்டப வாசலை ஏணியிலேயே சேர்க்கவில்லை. அது மொட்டைமாடி.

ஒவ்வொரு படியிலும் செய்யுமுன் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்? 'கேவலமாக இருக்கும்' என்று எழுதினால் அடித்துவிடுவார். சரிபார்க்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும்: 'பதில் சொல்ல மாட்டார்', 'முகம் சுளிப்பார்', 'சிரிப்பார்'. செய்துவிட்டு வந்து, நடந்ததை அதற்கு எதிரே எழுத வேண்டும். பயம் குறைந்ததா என்று பார்க்காதீர்கள், நினைத்தது நடந்ததா என்று மட்டும் பாருங்கள் என்பது அவருடைய கண்டிப்பு. பயம் சில நாள் குறையும், சில நாள் ஏறும், அது வானிலை மாதிரி.

தலையசைப்பில் சிக்கல் வரவில்லை. மூன்றாம் நாள் வாட்ச்மேன் முந்திக்கொண்டு சல்யூட் வைத்தார். லிஃப்டில்தான் மாட்டினேன். ஐந்தாம் மாடிப் பெரியவர் ஒருவர் தினமும் ஆறரை மணிக்குப் பால் வாங்கக் கீழே இறங்குவார். செவ்வாய்க்கிழமை நோட்டில் எழுதினேன்: 'பதில் சொல்லாமல் திரும்பிக்கொள்வார். நம்பிக்கை 80.' லிஃப்ட் வந்தது. உள்ளே அவர். கைகூப்பி, தெளிவான குரலில், "வணக்கம்" என்றேன்.

பெரியவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் லிஃப்டின் சுவர்தான் இருந்தது. பிறகு மிகுந்த குழப்பத்தோடு அவரும் கைகூப்பினார். கீழ்த்தளம் வரும்வரை, வேட்பாளரும் வாக்காளரும் போல நின்றிருந்தோம்.

மேடம் சிரித்துவிட்டார். தப்பு பயத்தில் இல்லை, சொல்லில். வணக்கம் மேடைக்கும் அலுவலகத்துக்கும் சரி. பால் பையோடு நிற்கிறவரிடம் சொன்னால், ஏதோ நோட்டீஸ் கொடுக்கப் போகிறான் என்று தோன்றும். "உங்க ஊர்ல என்ன கேப்பாங்க?" என்றார்.

அங்கே தெரிந்ததைத்தான் கேட்பார்கள். தலை ஈரமாக வருகிறவரிடம் "குளிச்சாச்சா?", குடையோடு போகிறவரிடம் "வெளியூரா?", திருநெல்வேலி பஸ்ஸில் "திருநெல்வேலிக்கா?" இளவயதில் அப்பாவின் இந்தக் கேள்விகள் அசட்டுத்தனமாகத் தோன்றின. பதில் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்? பதில் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் அந்தக் கேள்வியின் நயம் என்று இப்போது தோன்றுகிறது. கேட்கிறவர் யோசிக்க வேண்டாம், பதில் சொல்கிறவர் தேட வேண்டாம். மலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் பசிபிக் தீவுகளில் வாழ்ந்துவிட்டு வந்து 1923இல் இதைப் பற்றி எழுதினார். இந்த மாதிரிப் பேச்சு செய்தி சொல்வதற்கே இல்லை, நான் இங்கே இருக்கிறேன், உனக்கு விரோதி இல்லை என்று காட்டுவதற்குத்தான் என்றார். என்னைப் போன்ற ஆளுக்கு இதில் இன்னொரு லாபமும் இருந்தது. வாக்கியத்தை மனசுக்குள் தேட வேண்டியதில்லை, எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். பார்த்த மாத்திரத்தில் மூலைக் கேமரா அணைந்துவிடுகிறது.

புதன்கிழமை அவர் கையில் பையைப் பார்த்தேன். "பாலுக்கா சார்?"

"ஆமா சார். அரை லிட்டர் பாக்கெட் தீந்துருதுல்ல, அதான் சீக்கிரம் இறங்கறது. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான், ஒரு லிட்டர வாங்கி என்ன பண்றது..."

கீழ்த்தளம் வந்தது. அவர் முடிக்கவில்லை. கேட் வரைக்கும் பாலைப் பற்றியே பேசினார். நோட்டில் 'பதில் சொல்ல மாட்டார்' என்பதற்கு எதிரே 'நிறுத்த மாட்டார்' என்று எழுத வேண்டியதாயிற்று. ஆரம்பிக்கப் பயப்படுகிறவர்களுக்கு முடிக்கவும் பயம் உண்டு. அதற்குத் தமிழில் ஒரு பழைய உபாயம் இருக்கிறது. கிளம்புகிறவன் "வர்றேன்" என்கிறான். அடியெடுத்து நகர்ந்துகொண்டே "அப்ப வர்றேன் சார்" என்றால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

உறவுமுறையில் இன்னொரு கண்ணி இருந்தது. ஊரில் கடைக்காரர், கண்டக்டர், வழிப்போக்கர் எல்லாரும் அண்ணாச்சி. சென்னையில் அது பலசரக்குக் கடைக்காரருக்கு மட்டுமே என்று ஆகிவிட்டது. கீரைக்காரப் பெண்ணை மரியாதையாக "அம்மா" என்றேன். "உன்னைவிட பத்து வயசு சின்னவ நானு" என்று கட்டை வேகமாக நீட்டினார். அக்கா என்றாலும் ஆன்ட்டி என்றாலும் வயதைக் கணக்குப் போட்டதாகத்தான் அர்த்தம். முறை சொல்லத் தெரியாத இடத்தில் 'ங்க' போதும் என்று கண்டுபிடித்தேன். "கீரை எவ்வளவுங்க?", "இந்த பஸ் தி.நகர் போகுமாங்க?" வயது கேட்காத மரியாதை அது.

இதை வைத்து நான் தேறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பூங்காவில் நான்காம் நாள், எதிரே வந்த ஒருவரிடம் "இன்னிக்கு லேட்டாங்க?" என்றேன். பார்க்காமல் போய்விட்டார். அன்று இரவு இரண்டு மணிவரை தூக்கமில்லை. குரல் கரகரத்ததா? நக்கலாக எடுத்துக்கொண்டாரா? மறுநாள் வேறு பாதையில் நடந்தேன். அடுத்த வாய்க்கால்.

மேடம் இந்தப் பிரேதப் பரிசோதனையை எதிர்பார்த்திருந்தார். நடந்து முடிந்ததை ராத்திரி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது, நடந்தது நினைவுக்கு வருவதில்லை, அப்போது பட்ட பயம்தான் நடந்ததாக நினைவில் பதிகிறது. "அவர் காதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், வெள்ளையாக ஏதோ இருந்தது. ஒயரில்லாத அந்தச் சமாச்சாரம்தான். நான் நாலு வருஷமாகக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்த அதே மதில் சுவர். இன்னொரு கேள்வியும் கேட்டார்: "உங்க கையில என்ன இருந்துச்சு?" போன். அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறேன். அவரிடம் கேட்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றுதான் ஆல்பர்ட் எல்லிஸ் கதையைச் சொன்னார். பின்னாளில் பெரிய உளவியலாளர். 1933இல், 19 வயதில், பெண்களிடம் பேசவே பயப்படுகிற பையனாக நியூயார்க்கில் இருந்தார். பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் ஒரு மாதம் போய்ப் பேசுவது என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டார். 130 பேர். 30 பேர் உடனே எழுந்து போய்விட்டார்கள். மீதி 100 பேரோடு பேசினார். ஒரே ஒரு பெண் திரும்பச் சந்திக்கிறேன் என்றார். அவரும் வரவில்லை. காதல் கணக்கில் முழு நஷ்டம். ஆனால் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை, யாரும் வாந்தி எடுக்கவில்லை என்று எல்லிஸ் பிறகு ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். பேசுவது என் வேலை, பதில் அவர் வேலை என்று பிரித்துக்கொள்ளத்தான் இந்தக் கதை என்றார் மேடம்.

வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "எழுந்து போன முப்பது பேரும் என்ன நினைச்சாங்கன்னு அந்தாளு எழுதி வச்சாரா?" என்றாள். பதில் இல்லை. "நான் லிஃப்ட்ல தெரியாத ஆம்பளையப் பாத்து சிரிச்சா அது ஹலோ இல்ல, அழைப்புன்னு எடுத்துப்பான். உங்க ஏணி எனக்கு ஆகாது." அவள் சொல்வது சரி. அதன்பிறகு தனியாக வரும் பெண்களிடம் கேள்வி கேட்பதில்லை, தலையசைப்போடு சரி. அவளுடைய ஏணியில் முதலில் பெண்கள், குழந்தையோடு வருகிறவர்கள், கடைக்காரர்கள். அதில் அவள் என்னைவிட வெகு உயரத்தில் இருக்கிறாள்.

எல்லாருக்கும் இந்த நோட்டு போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு மேல் இது நீடித்து, வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாமல் செய்தால் அது தனியாக ஏணி போட்டு ஏறுகிற விஷயமில்லை. அந்த மேடத்திடமே சிலர் மனநல மருத்துவரிடம் மாத்திரையும் வாங்கிக்கொண்டுதான் பயிற்சி செய்கிறார்கள். தெரியாதவர் வீட்டு விசேஷத்துக்கு ரெண்டு பெக் போட்டுக்கொண்டு போகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் தைரியசாலி என்று இருபது வருஷம் பொறாமைப்பட்டேன். அதுவும் சீட்டுதான், விலை கூட.

ஆவணியில் அலுவலக நண்பர் மகன் கல்யாணம். மனைவிக்குக் காய்ச்சல், தனியாகப் போனேன். வழக்கமாக இந்த மாதிரிக் கல்யாணங்களில் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பந்தியின் ஓரத்தில் உட்கார்வேன். ஒரு பக்கம் சுவர் இருக்கும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அன்று நடுவரிசையில் உட்கார்ந்தேன். நோட்டில் எழுதியிருந்தது: 'ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். பயம் 85.' போன் சட்டைப் பையில், அணைத்து.

பக்கத்து இலையில் என் வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். பந்திக்கு ஆண்டவன் அருளிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டேன்.

"மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடாங்க?"

"பொண்ணு வீடு" என்றார். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுதியது எழுதியபடியே நடந்த முதல் நாள். அந்தப் பக்கம் இலையில் ஆளே இல்லை. காலி நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பார் வந்தது. கூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பளத்தை மிகச் சின்னச் சின்னதாக நொறுக்கினார். ஒவ்வொரு துண்டையும் சாதத்தின் மேல் வரிசையாக வைத்தார். இடது கையில் போன், திரை கறுப்பு. கட்டைவிரல் மட்டும் அதன் மேல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை. யாராவது என்னிடம் கேட்டிருந்தால், அப்பளம் பிடித்த மனுஷன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ரசம் போய், பாயசம் வந்தது. பரிமாறுகிறவர் அவர் இலையைத் தாண்டிப் போய்விட்டார். அவர் கையை அரையடி தூக்கி, வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அது எனக்குத் தெரிந்த அரையடி.

"தம்பி, இங்க சாருக்குப் பாயசம்" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. மூன்று இலை தள்ளி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

பாயசம் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழித்துச் சாப்பிட்டு, மோர் சாதம் முடித்து, இலையை மடித்து, எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளினார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கை கழுவுகிற இடத்தில், குழாயைத் திறந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"நீங்க மாப்பிள்ளை வீடுங்களா?" என்றார்.